சுட்டால் குண்டு கூடும் துப்பாக்கி

எனக்குத் தெரியாத விஷயங்களைப் பற்றி நான் பேசும் குரல், தெரிந்த விஷயங்களைப் பற்றிப் பேசும் குரலைவிடக் கொஞ்சம் கனமாக இருக்கும். டவுண் வாகையடி முக்கில் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்த காலத்தில் அந்தக் குரலை வைத்துத்தான் பாதிப் பிழைப்பு ஓடியது. மீதிப் பாதிக்குத்தான் சால்டரிங் அயர்ன்.

ரதவீதியில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் அண்ணாச்சி ஒருவர் வீடியோ கேம் கடை நடத்தினார். அவர் கடையின் ராசா, துப்பாக்கி மெஷின். ஆளுயரப் பெட்டி, பெரிய பிக்சர் டியூப், வயரில் தொங்கும் சிவப்புத் துப்பாக்கி. திரையில் வரும் கொள்ளைக்காரனைக் குறிபார்த்துச் சுட்டால் செத்து விழுவான். மற்ற மெஷின்களுக்கு வருகிறவர்கள்கூட இதற்கு இடம் கிடைக்காமல் வந்தவர்கள்தான்.

ஆயுத பூஜை முடிந்த மறுநாள் அண்ணாச்சி கடைக்கு வந்தார்.

“வே, துப்பாக்கி கோட்டி பிடிச்சு அலையுது. சுட்டா குண்டு கூடுது.”

“குறையணும்லா?”

“அதத்தான் சொல்லுதேன். திங்கக்கெழம கோயம்புத்தூர்க்காரரு வாராரு. மெஷினு அவருது. ஓடலைன்னா மதுரைக்குத் தூக்கிட்டுப் போயிருவேன்னுட்டாரு. அது போச்சுன்னா நான் கடைய மூட வேண்டியதுதான். உம்மால முடியுமா முடியாதா?”

கனமான குரலில், “லைட்டு போயிருக்கும்” என்றேன். துப்பாக்கி ஒளியை வீசுகிறது, திரை அதை வாங்கிக்கொள்கிறது என்பது என் தீர்மானம். துப்பாக்கி என்றால் எதையாவது வெளியே அனுப்பத்தானே வேண்டும்.

வெள்ளிக்கிழமை மாடிக்குப் போனேன். விசையை இழுத்தேன். திரை ஒரு கணம் வெள்ளையாக மின்னியது. கொள்ளைக்காரன் சாகவில்லை. கீழே குண்டுகள் மட்டும் நிறைந்தன. அந்த விளையாட்டில் திரைக்கு வெளியே பார்த்துச் சுட்டால் குண்டு நிரம்பும். நானோ அவன் நெற்றிக்கு நேரே சுட்டுக்கொண்டிருந்தேன்.

துப்பாக்கியைப் பிரித்தேன். பல்பு இல்லை. விசைக்கு ஒரு சுவிட்ச். குழலுக்குள் ஒரு கறுப்புக் குழாய், அதன் முன்முனையில் லென்ஸ் ஒட்டியிருக்க வேண்டும், பின்முனையில் மிளகளவு ஒளி டயோடு. வெளிச்சம் விழுந்தால் மின்சாரத்தில் குரல் கொடுக்கும் சாமான். அதாவது இந்தத் துப்பாக்கி எதையும் வீசவில்லை. பார்க்க மட்டும் செய்கிறது.

“லைட்டு எங்கன இருக்கு வே?” என்றார் அண்ணாச்சி.

“லைட்டு இல்ல அண்ணாச்சி.”

“போயிருக்கும்னீரே.”

“முன்னாடியே போயிருக்கும்.”

அன்றிரவு குழம்பியதைப்போல நான் பரீட்சைக்குக்கூடக் குழம்பியதில்லை. டயோடுக்கு வெளிச்சம் தெரியும், தெரியாது, அவ்வளவுதான் அறிவு. மேலா கீழா, இடமா வலமா என்று அதற்குத் தெரிய வழியே இல்லை. பிறகு கொள்ளைக்காரனின் தொப்பிக்கும் காதுக்கும் வித்தியாசம் யார் சொல்வது? கல்லூரியில் படித்த தத்துவப் புத்தகங்களை எல்லாம் புரட்டினேன். மெய்ப்பொருள் பற்றி நிறைய இருந்தது. துப்பாக்கி பற்றி ஒன்றுமில்லை.

சனிக்கிழமை காலை கடையில் ஒரு டிவியைப் பிரித்து வைத்துக்கொண்டு, பதினைந்து வருடமாக எனக்குத் தெரிந்த ஒன்றை முதல்முறையாக யோசித்தேன். டியூபில் படம் மொத்தமாக வருவதில்லை. ஒரே ஒரு ஒளிப்புள்ளி இடமிருந்து வலமாக ஓடி ஒரு வரி போடும், அடுத்த வரிக்கு இறங்கும், அடிவரை போய் மறுபடி உச்சிக்கு வரும். இந்த மெஷினில் வினாடிக்கு அறுபது தடவை. கண்ணுக்குத்தான் அது முழுப் படம்.

செந்தூர் ரயில் நினைவுக்கு வந்தது. தண்டவாளத்தை ஒட்டிய ஏதோ ஒரு வீட்டிலிருந்து ஒருவர் போன் போட்டு, “இப்ப ரயில் என் வாசலத் தாண்டுது” என்கிறார். ஊர் பேர் சொல்லவில்லை. ஆனாலும் ஜங்ஷனில் கிளம்பிய நேரம் தெரிந்தால், அவர் செய்துங்கநல்லூரா ஸ்ரீவைகுண்டமா என்று கடிகாரத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். ரயில் நேரத்துக்கு ஓட வேண்டும், அவ்வளவுதான். ஒளிப்புள்ளி தவறாமல் நேரத்துக்கு ஓடும்.

துப்பாக்கி சொல்வது ‘எங்கே’ இல்லை, ‘எப்போது’. விசையை இழுத்ததும் மெஷின் திரையை வெள்ளையாக்குகிறது, கறுத்த இடத்தைக் குறிபார்த்தாலும் டயோடுக்கு வெளிச்சம் கிடைக்க. குழல் பார்க்கும் இடத்தைப் புள்ளி தாண்டும் நொடியில் டயோடு குரல் கொடுக்கும். அந்த நொடியில் எத்தனையாவது வரி, வரியில் எவ்வளவு தூரம் என்று மெஷின் எண்ணி வைத்திருக்கிறது. குரலே வரவில்லை என்றால்? திரைக்கு வெளியே சுட்டதாகக் கணக்கு. குண்டு நிரம்பும்.

இதை அண்ணாச்சிக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

“ரயிலெல்லாம் சரி வே. துப்பாக்கி சுடுமா?”

மெஷினில் சோதனைத் திரை ஒன்று உண்டு. துப்பாக்கி சொல்லும் இடம் இரண்டு எண்களாக அதில் வரும். எண்கள் அசையவில்லை. டயோடை மாற்றினேன், அசையவில்லை. வயரை மாற்றினேன், அசையவில்லை. ஞாயிறு சாயங்காலம் வெறுத்துப்போய் டயோடைக் குழாயிலிருந்து உருவி, வெறுமனே திரைக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்தேன். எண்கள் துள்ளின. ஆனால் எங்கே காட்டினாலும் திரையின் உச்சியையே சொன்னது. லென்ஸ் இல்லாததால் அது திரை முழுவதையும் பார்க்கிறது. புள்ளி மேலே புறப்பட்டதுமே கூவிவிடுகிறது. ஆக டயோடு, வயர், மெஷின் எல்லாம் சரி. பாக்கி இருப்பது குழாயும் லென்ஸும்.

லென்ஸைப் பார்க்க ஒரே வழி, துப்பாக்கி வாய்க்குள் கண்ணை வைப்பது. மூன்று நாளில் ஒருதடவைகூட நான் அதைச் செய்திருக்கவில்லை. கல்லூரியில் என்.சி.சி. ஹவில்தார் ஒருவர், துப்பாக்கி வாயை எவன் முகத்துக்கும் திருப்பக்கூடாது என்று என் முதுகில் பிரம்பால் எழுதி அனுப்பியிருந்தார். பிளாஸ்டிக் பொம்மையைப் பிரிக்கும்போதும் மாட்டும்போதும் அதன் வாயை மரியாதையாகச் சுவர்ப்பக்கம் திருப்பியே வைத்திருந்தேன்.

கண்ணை வைத்தேன். உள்ளே, லென்ஸின் நடு மத்தியில், காய்ந்து வெடித்த சந்தனம். அதன் மேல் குங்குமம்.

“அண்ணாச்சி, ஆயுத பூஜைக்கு மெஷினுக்கெல்லாம் பொட்டு வச்சியளா?”

“வைக்காம? எல்லாத்தையும் மறுநாள் தொடச்சாச்சே.”

கல்லாவில் இருந்த மதினி, அண்ணாச்சியின் மனைவி, நிமிர்ந்தார். “துப்பாக்கிக்கு நாந்தான் வச்சேன். கடையில ஆயுதம்னு இருக்கது அது ஒண்ணுதான. நெத்தி எதுன்னு தெரியல, வாயில வச்சேன். வெரலு கொஞ்சம் உள்ள போயிட்டு.”

பாளையங்கோட்டையில் சர்ச்சுக்குப் போகும் வேதக்கார வீட்டில் பிறந்த எனக்குப் பொட்டு என்ற யோசனையே வரவில்லை. அண்ணாச்சிக்கு வந்திருக்கலாம். அவர் என்னை நம்பியிருந்தார்.

ஈரப் பஞ்சைக் குச்சியில் சுற்றி உள்ளே விட்டேன். மதினி பதறி, “பைய, பைய. பூசை வச்சது” என்றார். சந்தனம் கரைந்து வந்தது. மாட்டினேன். முதல் குண்டிலேயே கொள்ளைக்காரன் விழுந்தான். அண்ணாச்சி என் தோளில் கைவைத்தார், கனமான கை.

திங்கட்கிழமை கோயம்புத்தூர்க்காரர் வந்து பத்து ரவுண்டு சுட்டுப் பார்த்தார். மெஷின் இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு அல்வா வாங்கப் போனார். மதினி அவர் தலை மறைந்ததும் துப்பாக்கியின் கைப்பிடியில் புதிதாக ஒரு பொட்டு வைத்தார்.

“நீரும் ஒரு ஆட்டம் ஆடும் வே, உமக்கு இல்லாததா” என்றார் அண்ணாச்சி.

ஆடினேன். ஆறு குண்டும் கொள்ளைக்காரனைத் தவிர எல்லாவற்றின் மீதும் பட்டன.

“துப்பாக்கி சரியாத்தான் இருக்கு” என்றார் மதினி.

மறுக்க முடியவில்லை. அதைச் சரிபண்ணியவன் நான்தானே.