பூட்டுக்குள் கிடந்த பார்

என் வீட்டுக்காரர் கடலுக்குப் போய் இரண்டாம் நாள் விடிந்தும் திரும்பவில்லை. சின்ன ஃபைபர் படகு, கூட ஒரே ஒரு ஆள். முந்தின நாள் மதியமே கரைக்கு வந்திருக்க வேண்டும். சாயங்காலம் நாலு படகுகள் தேடிப் போய்விட்டு வெறுங்கையோடு வந்தன. கடலோரக் காவல்படைக்கும் சொல்லியாயிற்று. எந்தப் பக்கம் போனார் என்று எல்லோரும் என்னைத்தான் கேட்டார்கள். எனக்கென்ன தெரியும்?

கடலுக்கடியில் மீன் அடைந்து கிடக்கும் பாறைத்திட்டை எங்கள் ஆலந்தலையில் பார் என்போம். புதுசாக ஒரு பார் கண்டவன் கூடப் பிறந்தவனிடம்கூட மூச்சு விட மாட்டான். என் வீட்டுக்காரர் ஒரு படி மேலே. பார் இருக்கும் இடத்தின் எண்கள் ஜிபிஎஸ் கருவியில் இருந்தன, அதைக் கையோடு கொண்டுபோவார். கருவி கெட்டால் உதவட்டும் என்று அதே எண்களை ஒரு நோட்டில் எழுதி, வலைக்கொட்டகையில் இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார். இந்தப் பார் விஷயமாகவே அவருக்கும் என் கொழுந்தனுக்கும் ஒரு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

அந்தக் கொழுந்தன்தான் இப்போது படகைத் தண்ணீரில் இறக்கி வைத்துவிட்டு, பெட்டி முன்னால் என்னோடு உட்கார்ந்திருந்தான். மாற்றுச் சாவி வீட்டில் மாதா படத்துக்குப் பின்னால் இருந்தது. ஆனால் சாவி பாதிகூடத் திரும்பவில்லை. பூட்டின் வளையம் உப்புக்காற்றில் துருவேறி, உடம்போடு ஒட்டிப்போயிருந்தது.

அதில் என் கைவரிசையும் உண்டு. போன வருஷம் பூட்டு முரண்டு பிடிக்கிறதே என்று, நல்லது செய்வதாக நினைத்து தேங்காயெண்ணெய் ஊற்றியது நான்தான். அது காய்ந்து பிசினாகி, கடற்கரை மணலையெல்லாம் உள்ளே பிடித்து வைத்துக்கொண்டது. என் கையாலேயே என் தாலிக்கு வினை வைத்துவிட்டேனோ?

கொழுந்தன் இரும்பறுக்கும் வாள் போட்டு அறுத்துப் பார்த்தான். வளையம் கெட்டியான எஃகு. பல்தான் மழுங்கியது. வெல்டிங் கடைக்காரர் வெளியூரில் இருந்தார், வர இரண்டு மணி நேரமாகும் என்றார். படகில் அவர்கள் கொண்டுபோன இரண்டு கேன் குடிதண்ணீர் நேற்றே தீர்ந்திருக்கும்.

கொழுந்தன் இடுக்கியால் சாவியைப் பிடித்து முறுக்கப் போனான்.

"ஏலே, விடுலே! சாவி முறிஞ்சா அதோட போச்சு."

"அப்ப என்ன செய்யச் சொல்லுதிய மைனி? கச்சான் காத்து ஏறிக்கிட்டு வருது."

படகு எஞ்சினுக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயை சாவித் துவாரத்திலும் வளையம் இறங்கும் இரண்டு குழிகளிலும் ஊற்றினேன். ஊற வேண்டும். ஊறும் வரை சும்மா இருக்க வேண்டும். என் வாழ்நாளில் அதைவிடக் கொடுமையான கால்மணி நேரம் கிடையாது. மாதாவைக் கும்பிட்டேன், வீட்டுக்காரரைத் திட்டினேன், மறுபடி கும்பிட்டேன்.

பிறகு கட்டையால் பூட்டின் பக்கவாட்டில் தட்டிக்கொண்டே சாவியை இம்மி இம்மியாக முன்னும் பின்னும் அசைத்தேன். கறுப்பாக மணல் கலந்த அழுக்கு வடிந்தது. மறுபடி மண்ணெண்ணெய், மறுபடி தட்டல். மூன்றாம் தடவை சாவி முழுசாகத் திரும்பியது. ஆனால் வளையம் அசையவில்லை. கொழுந்தன் பிடித்து இழுத்தான், ஒன்றும் நடக்கவில்லை.

"இழுக்காத. மொதல்ல உள்ள தள்ளு," என்றேன்.

நான் சாவியைத் திருப்பியபடியே பிடித்திருக்க, அவன் வளையத்தின் தலையில் கட்டையை வைத்து, சுத்தியலால் கீழ்நோக்கி அடித்தான். நாலாவது அடியில் துரு பொரிந்து கொட்டியது. வளையம் நூலளவு இறங்கியது. அதற்குப் பிறகு நான் மேலே இழுத்துப் பிடிக்க, அவன் பூட்டின் உடம்பைத் தட்ட, கீச்சென்று ஒரு சத்தத்தோடு வளையம் மேலே வந்தது. என் விரல் கிழிந்ததை அப்புறம்தான் பார்த்தேன்.

நோட்டில் எழுதியிருந்தது ஒரே ஒரு பார்தான். கொழுந்தன் எண்களைச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு ஓடினான்.

மதியம் இரண்டு படகுகளும் வந்தன, ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டு. எஞ்சின் பழுதாகி, பார் மேலேயே நங்கூரம் போட்டு, வரும் அலைத்தண்ணீரை இறைத்தபடி கிடந்திருக்கிறார்கள். உதடு வெடித்து, கண் உள்ளே போய், கொழுந்தன் தோளைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்காரர் இறங்கி வந்தார். தண்ணீர்ச் செம்பை நீட்டினேன். அதை வாங்காமல், வராத குரலில் கேட்டார்:

"இவனுக்கு எப்படி எடம் தெரிஞ்சுது?"

அதுவரை அழாதவள் அப்போதுதான் உட்கார்ந்து அழுதேன்.