எஸ்டிமேட்டில் இருந்த குதிரை

வருடாந்த வரவு செலவுத் திட்டத்தை எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் எஸ்டிமேட் என்போம். அதைத் தயாரிப்பது சின்னக் கிளாக்கரான என் வேலை. போன வருடக் கணக்கை எடுத்து, சம்பள உயர்வுக்கும் விலைவாசிக்கும் கொஞ்சம் கூட்டி, டைப் அடித்தால் தீர்ந்தது. தோட்டங்களை அரசு எடுத்துக்கொண்ட சில வருடங்களில், கொழும்பிலிருந்து வந்த சுற்றறிக்கை என் நிம்மதியைக் கெடுத்தது. இனி எல்லாப் பிரிவும் பூச்சியத்திலிருந்து தொடங்க வேண்டுமாம். போன வருடம் கொடுத்தோம் என்பது காரணமாகாது. ஒவ்வொரு செலவும் எதற்கு, நிறுத்தினால் என்ன ஆகும், குறைவான பணத்தில் முடியுமா என்று எழுத வேண்டும்.

முதலில் ஃபெக்டரிக்குப் போய், விறகு எதற்கு என்று தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கரிடம் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வெறகு இல்லாட்டி கொழுந்த வெயில்ல காயப்போடுவோம்னு எழுதிக்குங்க. டிக்கோயாவுல வெயில் எப்ப அடிக்கும்னு கொழும்பையே கேளுங்க."

அவர் கோபம் நியாயமானது. வருகிற கொழுந்துக்கு ஏற்பத்தான் விறகும் எரியும். ஒரு கிலோ தேயிலைக்கு எவ்வளவு என்பது அவ்வளவாக மாறாது. அங்கே போன வருடக் கணக்கே போதும் என்று எழுதிவைத்தேன்.

ஆனால் நலன்புரிப் பக்கத்தைத் திறந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. 'குதிரைக்காரன், ஒருவர்' என்றிருந்தது. வெள்ளைக்காரத் தொரையோடு குதிரையும் எப்போதோ போய்விட்டது. குதிரைக்காரன் சம்பளத்தை மட்டும் நாங்கள் வருடா வருடம் கூட்டிக்கொண்டிருந்தோம். உற்சாகமாகச் சிவப்புக் கோடு இழுத்தேன். பிறகுதான் அந்தச் சம்பளத்தை யார் வாங்குகிறார்கள் என்று பார்த்தேன். தாய்மார் மலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவின் இரண்டாவது ஆயம்மா! புதிதாக ஓர் ஆள் கேட்டால் கிடைக்காதென்று, யாரோ பழைய பெரிய கிளாக்கர் அவரைக் காலியாக இருந்த குதிரை லாயக் கணக்கில் செருகியிருக்கிறார். ஆயம்மா வீட்டில் வேறு வருமானமே இல்லை.

இப்போதைய மேனேஜர் தொரையிடம் ஓடினேன். குதிரை போகட்டும், ஆயம்மாவுக்குப் பூச்சியத்திலிருந்து காரணம் எழுது என்றார். எழுதினேன். ஒரே ஆயம்மாவால் அத்தனை பிள்ளைகளைப் பார்க்க முடியாது. பார்க்க ஆளில்லாத பிள்ளையின் தாய் லயத்து வீட்டிலேயே தங்குவாள். அவள் எடுக்காத கொழுந்து மலையிலேயே முற்றும். அந்த நட்டம் ஆயம்மாவின் சம்பளத்தைவிடப் பெரிது. சுற்றறிக்கை கேட்ட கேள்விகளே அவருக்காக வழக்காடின.

கொழும்பு இரண்டையும் ஒப்புக்கொண்டது. ஃபெக்டரி பழைய முறைக்கே திரும்பியது. நலன்புரிக்கு மட்டும் சில வருடங்களுக்கு ஒருமுறை பூச்சியத்திலிருந்து கணக்கு என்றானது. சந்தோஷம் தாங்காமல் பிள்ளைக்காம்பராவுக்குப் போய், இனி உங்கள் பெயரிலேயே வேலை என்று ஆயம்மாவிடம் முழுக்கதையையும் சொன்னேன். இடுப்பில் ஒரு பிள்ளை, முதுகில் ஏறியபடி இன்னொன்று என்று நின்றிருந்தவர் கொஞ்சம் யோசித்தார்.

"குதிரைக்காரன்னா எழுதியிருந்தாங்க? தப்புங்க ஐயா. குதிரைன்னுல்ல எழுதியிருக்கணும்."