தரையில் படாத எலுமிச்சம்பழம்

புனேயில், ஹிஞ்சேவாடிப் பக்கம் அடுக்குமாடிகள் எழும்பிக்கொண்டிருந்த வருஷங்களில், நான் ஒரு ஃபர்னிச்சர் கடைக்குப் பாலிஷ் வேலை செய்துகொண்டிருந்தேன். ஒரு கோயம்புத்தூர் தம்பதியின் புது வீட்டில் கண்ணாடி பதித்த சாப்பாட்டு மேசையை இறக்கினோம். தரை முழுக்க வெள்ளை மார்பிள்.

வீட்டு வேலைக்கு ஒரு மராத்திப் பெண்ணைச் சேர்த்திருந்தார்கள். எல்லாரும் அவரை மௌஷி, அதாவது சித்தி, என்று கூப்பிட்டார்கள். வந்ததும் அவர் பையிலிருந்து எடுத்து வைத்தது ஆசிட் பாட்டில்.

வீட்டுக்கார அம்மா பதறினார். "ஏனுங்ண்ணா, எனக்கு மராட்டி வராதுங்க. நீங்களே சொல்லிப்போடுங்க. நாளைக்குப் பால் காய்ச்சறோம். தரையில ஒரு கறை விழுந்தாலும் அவங்க வேலைக்கு வர வேண்டாம்."

பெண்களிடம் பேசுவதென்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். மேசையைப் பார்த்துக்கொண்டே மௌஷியிடம் மராத்தியில் சொன்னேன். மரத்தை மெத்தென்ற காய்ந்த துணியால் துடைக்க வேண்டும். கண்ணாடிக்கான மருந்தைத் துணியில்தான் அடிக்க வேண்டும். கண்ணாடியில் அடித்தால் வழிந்து ஓரத்து மரத்துக்குள் இறங்கும். மார்பிளை முதலில் பெருக்கி மண்ணை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் துடைக்கும் துணியே மண்ணை இழுத்துக் கீறும். ஆசிட், வினிகர், எலுமிச்சை, புளி எதுவும் படக் கூடாது. பட்ட இடம் மங்கிப்போகும், எவ்வளவு தேய்த்தாலும் போகாது.

"ஏன்டா, டேபிளுக்குச் சொல்றியா, எனக்கா?" என்று சிரித்துக்கொண்டே மராத்தியில் கேட்டார் மௌஷி. அந்த அம்மா போட்ட நிபந்தனையையும் சொன்னேன். மௌஷியின் சிரிப்பு நின்றது. ஆசிட் பாட்டில் மறுபடியும் பைக்குள் போனது.

மறுநாள் என்னையும் அழைத்திருந்தார்கள். போனால் வாசலில் ஒரே சத்தம். அந்த அம்மா எலுமிச்சம்பழத்தை இரண்டாக வெட்டி, குங்குமம் தடவி, நிலைப்படியின் இரு பக்கமும் வைக்கக் குனிந்திருந்தார். நிலைப்படியும் மார்பிள்தான். மௌஷி அதன்மேல் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"லிம்பு நகோ!"

"ஐயோ, நல்ல நாளும் அதுவுமா வாசப்படியில உக்கார்றாங்களே! எந்திரிக்கச் சொல்லுங்கண்ணா!"

விருந்தாளிகள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "எலுமிச்சை வேண்டாம்ங்கிறாங்கம்மா. நேத்து... நாமதான சொன்னோம்" என்று முனகினேன்.

அந்த அம்மா கையிலிருந்த பழத்தைப் பார்த்தார். மௌஷியைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "அப்ப திருஷ்டிக்கு என்ன பண்றதுங்?"

இதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. மௌஷி எழுந்து போய் இரண்டு எவர்சில்வர் தட்டுகளைக் கொண்டுவந்து, அடியில் ஈரமில்லாமல் முந்தானையால் துடைத்து, இரு பக்கமும் வைத்தார். பழத்தின் இரண்டு மூடிகளும் தட்டுகளில் உட்கார்ந்தன.

"நாளைக்கு ஏழு மணிக்கே வரச் சொல்லுங்கண்ணா" என்றார் அந்த அம்மா.

உள்ளே இருந்த மேசையைப் பார்த்தபடியே நான் சொன்னேன்.

"ஏழு மணிக்கா?" என்றார் மௌஷி. "சரி, வர்றேன்னு உன் டேபிள்கிட்டச் சொல்லிடு."