அம்மா தள்ளி நின்ற மாதங்கள்

மருத்துவமனையில் அவளை எல்லோரும் ஊசி என்றுதான் கூப்பிடுவார்கள். ரத்தம் எடுப்பது அவள் வேலை. "எப்பம்மா குத்துவே?" என்று வந்தவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்கும்போது, அவள் எடுத்து முடித்து பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருப்பாள். அந்தக் கைராசியைப் பார்த்துத்தான் ஆராய்ச்சிக் குழுவின் டாக்டரம்மா அவளைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

போரில் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டு, முற்றுகைக்குள் பட்டினி கிடந்து, முகாம்களில் ஒண்டி, கடைசியில் இந்த நகரத்துக்கு வந்து சேர்ந்த குடும்பங்கள் நிறைய இருந்தன. பெற்றவர்கள் பட்ட பாட்டின் தடம் பிள்ளைகளிடம் தெரிகிறதா என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. ஊசியின் குடும்பமும் அப்படி வந்ததுதான். அதனால் வீட்டில் எல்லோரையும் அவளே பேசிச் சம்மதிக்க வைத்தாள்.

அண்ணனிடம் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. அவன் லாரி மெக்கானிக். முற்றுகைக் காலத்தில் அம்மாவின் வயிற்றில் இருந்தவன். நாற்பதுக்கு முன்பே சர்க்கரை வந்து மாத்திரையில் ஓடிக்கொண்டிருந்தான். அம்மாதான் தயங்கினாள். அந்த நாட்களைப் பற்றி அவள் வாயே திறந்ததில்லை. "எதுக்கும்மா கிளறணும்?" என்றாள். பிறகு கடைசி மகள் கடைக்குட்டியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, இவளுக்கு எதாவது வழி தெரிஞ்சா சரி" என்று கையெழுத்துப் போட்டாள்.

ஊசியின் தங்கை கடைக்குட்டி போர் முடிந்து வெகுகாலம் கழித்து, இதே நகரத்தில் பிறந்தவள். ஒரு துப்பாக்கிச் சத்தம்கூடக் கேட்டதில்லை. ஆனாலும் மேல் வீட்டில் யாராவது நாற்காலியை இழுத்தால் அவள் உடம்பெல்லாம் வேர்த்துப்போகும். கதவைச் சாத்தினால் மூச்சு முட்டும். கட்டிலுக்கு அடியில் ரொட்டி பாக்கெட்டுகளைச் சேர்த்து வைப்பாள். அவை பூசணம் பிடித்தாலும் எறிய மனசு வராது. அப்படிப் பதறும்போதெல்லாம் அம்மா வந்து அவள் பிடரியில் உள்ளங்கையை வைப்பாள். பேச்சு ஒன்றும் கிடையாது. கொஞ்ச நேரத்தில் மூச்சு சீராகிவிடும். அதே தெருவில் ஒரு தச்சனைக் கட்டிக்கொண்டு போன பிறகும் அந்தக் கையைத் தேடித் தினமும் வந்துவிடுவாள். ஆராய்ச்சி முடிவைச் சொல்லக் கூட்டம் போட்டபோது அவள் முதல் பிள்ளையை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தாள்.

கூட்டம் மருத்துவமனையின் பெரிய அறையில் நடந்தது. டாக்டரம்மா நிதானமாகத்தான் பேசினார். பட்டினிக் காலத்தில் வயிற்றில் இருந்தவர்களை மொத்தமாகப் பார்த்தால் சர்க்கரை நோய் கொஞ்சம் அதிகமாக இருக்கிறது. வேறு நாடுகளில் செய்த பெரிய ஆராய்ச்சிகளும் அப்படித்தான் சொல்கின்றன என்றார். போருக்குப் பிறகு பிறந்தவர்களில், பெற்றவர்கள் இன்னும் அந்தப் பயத்தோடு வாழும் வீடுகளில் பிள்ளைகளுக்கும் பதற்றம் கூடுதல். "ஆனா அது ரத்தத்துல வந்ததா, வளர்ந்த வீட்டுல வந்ததா, வறுமையில வந்ததான்னு எங்களால பிரிக்க முடியலை. மரபணு மேல ஒட்டியிருக்கிற சின்னச் சின்ன ரசாயன அடையாளங்களையும் பார்த்தோம். வித்தியாசம் ரொம்பக் கம்மி. பார்த்த ஆட்களும் கம்மி. அதுதான் காரணம்னு சொல்லவே முடியாது."

அண்ணன் கையைத் தூக்கினான். "அப்ப எனக்கு சர்க்கரை ஏன் வந்துச்சு டாக்டர்?"

"உங்க ஒருத்தருக்கு ஏன்னு இதை வச்சு சொல்ல முடியாதுங்க. கூட்டத்தைப் பத்தித்தான் சொல்ல முடியும்."

"அட, விடுங்க! எங்கம்மா பட்டினி கிடந்தாங்க, எனக்கு சர்க்கரை ஏறிடுச்சு. நல்ல பங்கு பிரிச்சிருக்காங்க!"

அறையே சிரித்தது. அண்ணனும் வயிறு குலுங்கச் சிரித்தான். வீட்டுக்குப் போகும் வழியில்தான் ஊசி கவனித்தாள், அம்மா பஸ்ஸில் அவர்களோடு உட்காராமல் பின்னால் தனியாகப் போய் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த வாரம் கடைக்குட்டி வந்தபோது அம்மா சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. அதற்கடுத்த முறை உடம்பு சரியில்லை என்றாள். தெருவில் ஏதோ டயர் வெடித்து, கடைக்குட்டி சுவரோரம் ஒண்டிக்கொண்டு நடுங்கியபோதும் அம்மா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். கை மட்டும் புடவைத் தலைப்பைப் பிசைந்துகொண்டிருந்தது.

ஊசிக்குப் பொறுக்கவில்லை. "என்னம்மா ஆச்சு உனக்கு? அவ பிள்ளைத்தாச்சி. நீ தொடாம யாரு தொடுவா?"

"என்கிட்டேயிருந்துதானே எல்லாம் போச்சு? பெரியவனுக்கு அந்த நோய், சின்னவளுக்கு இந்தப் பயம். தெரியாம இருந்தேன். தெரிஞ்சும் தொட்டா அந்த வயித்துல இருக்கறதுக்கும் போகாதா?"

"டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லைம்மா! தெரியாதுன்னுதானே சொன்னாங்க?"

"தெரியாதுன்னா, இல்லைன்னு அர்த்தமா?"

ஊசி நினைத்திருந்தால், இல்லை என்று அடித்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் டாக்டரம்மாவே அப்படிச் சொல்லாதபோது இவள் எப்படிச் சொல்வாள்? தொட்டால் ஒட்டுகிற சமாச்சாரம் இல்லை என்று மட்டும் விதவிதமாகச் சொல்லிப் பார்த்தாள். "என் மனசைத் தேத்தறதுக்குச் சொல்றே" என்று அம்மா எழுந்து போய்விட்டாள்.

டாக்டரம்மாவே ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். அம்மா மரியாதையாக நாற்காலி போட்டாள், தேநீர் கொடுத்தாள்.

"நீங்க பட்டினி கிடந்தது நீங்க செஞ்ச தப்பில்லைம்மா. உங்களைப் பட்டினி போட்டவங்க தப்பு. இப்ப உங்க பொண்ணுக்குப் பக்கத்துல நீங்க இருக்கறதுதான் நல்லது. ஆதரவா ஆள் இருந்தா பதட்டம் தணியுதுங்கறதை நிறைய ஆராய்ச்சியில பார்த்திருக்காங்க."

"அது எல்லாருக்குமா, என் பொண்ணுக்கா?" என்று கேட்டாள் அம்மா.

டாக்டரம்மா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷி. "பொதுவாச் சொல்றதுதாம்மா" என்றார்.

"அதைத்தான் அன்னிக்கும் சொன்னீங்க" என்றாள் அம்மா. குரலில் கோபம் எதுவும் இல்லை. வாசல்வரை வந்து வழியனுப்பினாள். படியிறங்கும்போது டாக்டரம்மா ஊசியிடம், மனநல ஆலோசகர் ஒருவரிடம் அம்மாவை அழைத்துப்போகச் சொன்னார். அம்மா ஒரு தடவை போனாள். அங்கே கேட்டதற்கெல்லாம் ஆமாம் என்றாள். மறுபடி போக மறுத்துவிட்டாள்.

அண்ணன் வந்து காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். "விளையாட்டுக்குச் சொன்னேம்மா. டீக்கடையில நான் போட்ட சர்க்கரைக்கு நீ என்ன பண்ணுவே?" அம்மா அவன் தலையைத் தடவக் கையைத் தூக்கினாள்; பாதியில் இறக்கிக்கொண்டாள்.

கடைக்குட்டிக்கு யாரும் காரணத்தைச் சொல்லவில்லை. ஆனால் அவளா கண்டுபிடிக்காமல் இருப்பாள்? "அம்மாவுக்கு என்னைப் பார்த்தா பயமாக்கா?" என்று ஒரு நாள் கேட்டாள். ஊசி அவள் பிடரியில் கையை வைத்தாள். ஆயிரம் பேரைத் தொட்டுப் பழகிய கைதான். தங்கையின் மூச்சு சீராகவே இல்லை.

பிரசவம் ஊசி வேலை பார்த்த மருத்துவமனையிலேயே நடந்தது. வலியில் கடைக்குட்டி அம்மாவைத்தான் கூப்பிட்டாள். வலி வந்தால் எல்லோரும் கூப்பிடுவதுதான் அது என்று தாதி சிரித்தாள். ஊசியால் சிரிக்க முடியவில்லை. பெண் குழந்தை, நல்ல எடை. தாதி துடைத்துச் சுற்றிக் கொடுத்ததை ஊசி தங்கையின் மார்பில் கிடத்திவிட்டுக் கீழே ஓடினாள்.

அம்மா வந்திருந்தாள். காலையிலேயே வந்து, வாசலில் ஆம்புலன்ஸ் நிற்குமிடத்துக்குப் பக்கத்துச் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"அழுதுச்சா?"

"நல்லா அழுதுச்சும்மா. வந்து பாரு."

"சத்தம் கேட்டா திடுக்கிடுதா?"

பிறந்த குழந்தை எதுவானாலும் சத்தத்துக்குத் திடுக்கிடும். அது ஆரோக்கியத்துக்கு அடையாளம். ஊசிக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் ஆமாம் என்று சொன்னால் அம்மா அதை எப்படி எடுத்துக்கொள்வாள் என்பதும் தெரியும்.

"எல்லாக் குழந்தையும் திடுக்கிடும்மா" என்றாள்.

"அப்ப இதுவும் திடுக்கிடுது" என்று அம்மா தலையை ஆட்டிக்கொண்டாள். கேட்க வந்ததைக் கேட்டுவிட்டவள்போல எழுந்து, பஸ் நிற்கும் பக்கமாக நடக்க ஆரம்பித்தாள். ஊசி பின்னாலேயே போய்க் கையைப் பிடித்து இழுத்தாள். அம்மா மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டாள். மாடியில் கடைக்குட்டி கதவைத் திறந்தே வைக்கச் சொல்லிவிட்டு, வராந்தாவில் கேட்கும் ஒவ்வொரு காலடிக்கும் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.