ராத்தாவின் அட்டியல்

என் கணவர் பொன் வேலை செய்தார். அவர் செய்ததை விற்றவள் நான்.

எங்கள் வீடு ஆரைப்பற்றையில் இருந்தது. நகை கேட்டு ஆள் அனுப்புகிறவர்களில் பாதிக்கு மேல் பக்கத்து ஊரான காத்தான்குடியின் முஸ்லிம் வீடுகள். அந்த வீடுகளில் பெண்கள் கடைத்தெருவுக்கு வருவதில்லை. அந்நிய ஆண் உள்வீட்டுக்குள் காலெடுத்து வைப்பதும் இல்லை. அதனால் நாங்கள் இருவருமாகப் போவோம். அவர் முன்மண்டபத்தில் ஆண்களோடு பாயில் உட்காருவார். நான் நகைப்பெட்டியோடு வாசலில் தொங்கும் சீலையை விலக்கிக்கொண்டு உள்ளே போவேன்.

ஒரு நகை விலைப்பட வேண்டுமென்றால் அது இரண்டு சபைகளில் தேற வேண்டும். வெளியே இருப்பவர்கள் நிறை கேட்பார்கள், பொன்னின் மாற்றுக் கேட்பார்கள், பிறகு விற்றால் என்ன வரும் என்று கேட்பார்கள். உள்ளே இருப்பவர்கள் யார் வீட்டுக் கல்யாணத்தில் யார் என்ன போட்டிருந்தார்கள் என்பதிலிருந்து தொடங்குவார்கள். காசு கொடுப்பவர் ஒருவர், போடுகிறவள் ஒருத்தி. இந்த இருவரையும் விட, பார்க்க வந்த மாமி, பெரியம்மாக்களுடைய முகத்துக்குத்தான் நான் அதிகம் பயந்தேன். வேணும் என்று சொல்ல நாலு பேர் சேர வேண்டும். வேணாம் என்று சொல்ல ஒருத்தி உதட்டைச் சுழித்தால் போதும். ஒரு காப்பை முதலில் யாருடைய கையில் கொடுக்கிறோம், அவர் அதை யாரிடம் நீட்டுகிறார் என்பதை வைத்தே அந்த வீட்டில் யாருடைய சொல் செல்லும் என்று நான் கணக்குப் போடுவேன். பெரும்பாலும் கணக்குப் பிழைத்ததில்லை.

நான் சொல்லப்போகும் வீடு ஒரு புடவை வியாபாரியுடையது. மூத்த மகளின் கல்யாணத்துக்கு நாங்கள்தான் நகை செய்தோம். சிவப்புக்கல் பதித்த அட்டியலும் கனமான காப்புகளும். அந்த அட்டியலின் மாதிரியைத் தெரிவு செய்யவே அந்த வீட்டுப் பெண்களுக்கு ஒரு மாதத்துக்கு மேல் பிடித்தது. கடைசியில் எல்லாருக்கும் பிடித்த ஒன்று அமைந்தது. நான் அதைக் கழுத்தில் வைத்துவிட, அந்தப் பிள்ளை கண்ணாடியில் பார்த்துவிட்டுத் தங்கையைக் கூப்பிட்டு, அவள் கழுத்திலும் வைத்துப் பார்த்தாள்.

முதல் பிரசவத்தில் அவள் மௌத்தாகிவிட்டாள். பெண் குழந்தை தப்பியது.

குழந்தை தத்தித் தத்தி நடக்கத் தொடங்கிய காலத்தில் அந்த வீட்டிலிருந்து மறுபடி ஆள் வந்தது. இளைய மகளை அதே மருமகனுக்குக் கொடுக்க முடிவாகியிருந்தது. மருமகன் இருக்கும் வீடு மூத்தவளுக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு. பிள்ளையும் அங்கே வளர்கிறது. வெளியே இருந்து ஒருத்தி வந்தால் பிள்ளையின் பாடு என்னவாகும் என்று எல்லாரும் யோசித்து எடுத்த முடிவு. அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்கவில்லை. நகையில்தான் இருந்தது.

சண்டைக் காலம். கடையில் புடவை வருவது குறைந்து, பொன் விலை ஏறிக்கொண்டிருந்தது. பெண்ணின் வாப்பா என் கணவரைக் கூப்பிட்டுச் சொன்னது இதுதான்: மூத்தவளின் அட்டியலையும் காப்புகளையும் உருக்கி, புது மாதிரியில் இளையவளுக்குச் செய்ய வேண்டும். மார்க்கப்படி அந்தப் பொன்னில் பெற்றாருக்கும் பங்கிருக்கிறது, மருமகனும் சம்மதம் சொல்லிவிட்டார். பெண்ணின் மாமாவும், அதாவது உம்மாவின் தம்பியும், ஓம் என்றுவிட்டார். பொன்னைக் கைமாற விடக்கூடாது என்பதால், அவர்கள் வீட்டு வளவிலேயே எல்லாரும் பார்க்க உருக்க வேண்டும். பெண்களுக்கு விடப்பட்டது மாதிரியைத் தெரிவு செய்யும் வேலை மட்டும்.

அன்று காலையில் என் கணவர் பொன் உருக்கும் மூசை, ஊதுகுழல், கரி எல்லாவற்றையும் கொண்டுவந்து கிணற்றடிக்குப் பக்கத்தில் நெருப்பு மூட்டினார். தராசு மண்டபத்தில் இருந்தது. நான் மாதிரி நகைகளோடு உள்ளே போனேன்.

உள்ளே நாலு பேர். பெண்ணின் உம்மா, உம்மாவுக்கு மூத்தவ, ராத்தாவான பெரியம்மா, மாப்பிள்ளையின் உம்மா, சுவரோரமாக முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பெண். குழந்தை எல்லார் மடியிலும் மாறி மாறி ஏறியது.

பெரியம்மாதான் முதலில் பேசினா. கல்லும் சேர்ந்த பொருளை ஏன் உடைக்க வேணும், மெருகு போட்டு அப்படியே கொடுத்தால் கூலியாவது மிஞ்சும் என்பது அவவின் எண்ணம். பெண்ணின் உம்மா நான் கொடுத்த சங்கிலியைக் கையில் வைத்திருந்தாவே தவிர அதைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையின் உம்மா மாதிரிகளைத் தொடவே இல்லை. அவ திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தா, அதுவும் மண்டபத்துக்குக் கேட்கும்படி. பழைய அட்டியல் எவ்வளவு நிறை? கல்லைக் கழித்தால் எவ்வளவு? உருக்கினால் இன்னும் எவ்வளவு குறையும்?

நான் உள்ளதைச் சொன்னேன். கல்லின் நிறையும், கல்லைப் பிடித்திருக்கும் அரக்கின் நிறையும் போகும். பொடி வைத்து ஒட்டிய இடங்களில் சுத்தப் பொன் குறைவு. நெருப்பிலும் கொஞ்சம் சேதாரமாகும். வீட்டார் மனதில் வைத்திருக்கும் நிறை ஒருநாளும் மூசையில் இருந்து திரும்பி வருவதில்லை.

பெரியம்மா என் பக்கம் சாய்ந்து, இந்த மனிசிக்குப் பெண்ணா வேணும் பொன்னா வேணும் என்று மெல்லக் கேட்டா. எனக்கும் அதே எண்ணந்தான். குறைகிற நிறையைப் பெண் வீட்டார் போட்டு நிரப்ப வேண்டும் என்பதற்கு அடி போடுகிறா என்று நினைத்தேன்.

எங்கள் தொழிலில் பெண்ணிடம் கடைசியாகத்தான் கேட்பார்கள், கேட்டாலும் அவள் வாய் திறப்பதில்லை. மாமியாகப் போகிறவவுக்கு முன்னால் நகையைப் பற்றி ஒரு பெண் பேசினால் அந்தப் பேச்சு வருடக்கணக்கில் அந்தக் குடும்பத்தில் நிற்கும். எனக்கு அதற்கு ஒரு வழி இருந்தது. காப்புக்கு அளவெடுக்க வெளிச்சம் போதாது என்று சொல்லிப் பெண்ணைப் பின்கதவுப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். பெருவிரலை உள்ளே மடித்துக் கையைக் குவித்து, விரல் மொழியைச் சுற்றி நூலை விட்டு அளவெடுத்தபடி, எந்த மாதிரி பிடிச்சிருக்கு மகள் என்று கேட்டேன்.

அவள் கிணற்றடியில் எரியும் கரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ராத்தாவக் குளிப்பாட்ட முன்ன அந்த அட்டியலக் கழட்டினது நான்தான்," என்றாள். "உம்மாவால ஏலாமப் போச்சு. கொளுக்கி இறுகிக் கிடந்திச்சு. கழுத்து அப்பயும் சூடா இருந்த மாதிரித்தான் எனக்கு இருந்திச்சு. அத உருக்கினாலும் எனக்கு அது அதுதான். நான் எப்படிப் போடுற?"

அதற்குப் பிறகு அவள், அது ராத்தாட மகளுக்கு இருக்கட்டும் என்று மட்டும் சொன்னாள். நான் நூலில் முடிச்சுப் போட்டேன்.

வியாபாரத்துக்கு இது நல்லதா கெட்டதா என்று நான் அப்போது யோசிக்காமல் இல்லை. உருக்கிச் செய்தால் கூலி. உருக்காமல் அதே அளவு புதுப்பொன் வாங்க அந்த வீட்டில் வசதி இல்லை. எல்லாம் தெரிந்தும் நான் பெண்ணின் உம்மாவின் பக்கத்தில் குந்தி, கேட்டதைக் காதோடு சொன்னேன். அவவின் கண் நிறைந்துவிட்டது. வாப்பா முடிவெடுத்துவிட்டார், தம்பியும் ஓம் என்றுவிட்டான், இனி நான் போய் எதைச் சொல்ல என்றா. குறைந்த நகையோடு அனுப்பினால் சம்பந்தி வீட்டில் மகளுக்குத்தான் பேச்சு விழும் என்றும் சொன்னா.

மாப்பிள்ளையின் உம்மா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தா. என்ன விசயம் என்று நேராக என்னிடம் கேட்டா. பெண்ணின் பெயரில் எதையும் சொல்லக்கூடாது என்று எனக்குத் தெரியும். பழைய நகையைக் குழந்தைக்கு வைக்கலாமோ என்று ஒரு யோசனை இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அவவின் முகம் கறுக்கும், அதோடு எங்கள் பெட்டியை மூட வேண்டியதுதான் என்று எதிர்பார்த்தேன்.

அவ குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சீலையடிக்குப் போனா. அப்போதுதான் என் கணவர் அட்டியலைத் தராசில் வைத்திருக்கிறார். சீலைக்கு இந்தப் பக்கம் நின்றபடியே அவ ஆண்களிடம் பேசினா.

"நான் மாப்பிள்ளைட உம்மா. எனக்குச் சொல்ல உரிமை இரிக்கோ இல்லையோ, சொல்றன். அந்தப் பொன்னுல இந்தப் புள்ளைக்குப் பங்கிரிக்கு. அத உருக்கிட்டா, மறுகா இவ வளந்து உம்மாட சாமான் எங்கெண்டு கேட்டா நாம எதக் காட்டுற? என்ட மகனுக்கு வாற பொண்ணு ஒரு சங்கிலியோட வந்தாலும் எனக்குப் போதும்."

நான் சீலை இடுக்கால் பார்த்தேன். வாப்பா தராசைப் பார்த்தபடியே இருந்தார். "நீங்க குறையாப் பாப்பீங்க எண்டுதான் நான் இதுக்குத் துணிஞ்ச," என்றார்.

பக்கத்தில் இருந்த பெண்ணின் மாமாதான் என் கணவரிடம் நெருப்பை அவிக்கச் சொன்னார்.

உள்ளே திரும்பி வந்து உட்கார்ந்ததும் மாப்பிள்ளையின் உம்மா என்னைப் பார்த்தா. உருக்கினால் எவ்வளவு போகும் என்பது மண்டபத்தில் இருக்கும் மனிசரின் காதில் விழட்டும் என்றுதான் அத்தனை தரம் கேட்டதாகச் சொன்னா. நேரே மறுத்தால் சம்பந்தி வீட்டு முடிவில் தலையிட்டதாகிவிடும். நிறையைச் சொல்லியாவது நிறுத்தலாம் என்று பார்த்திருக்கிறா. பெரியம்மா தலையைக் குனிந்துகொண்டா. அத்தனை வீடுகளில் முகம் பார்த்துப் பழகிய எனக்கும், அவ குழந்தையின் வாப்பும்மா, வாப்பாவைப் பெற்றவ, என்பது அதுவரை உறைக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டு ஆள் என்றுதான் பார்த்திருந்தேன்.

அதன் பிறகு காரியம் இலகுவாக முடிந்தது. ஒரு மெல்லிய சங்கிலி, ஒரு சோடி காப்பு. காப்பைத் தகட்டில் செய்து உள்ளே அரக்கு வைத்தால் பார்வைக்குக் கனமாக இருக்கும், பொன்னும் கொஞ்சமே போகும் என்று நான் சொன்னேன். அரக்குக் காப்பு என்பதை இரண்டு வீட்டாருக்கும் தெரியச் சொல்லித்தான் செய்தோம். தெரியாமல் செய்தால் நெளிகிற அன்று அது சண்டையாகும். மூத்தவளின் நகையை எல்லாரும் பார்க்க அப்படியே நிறுத்து, வெள்ளைச் சீலையில் முடிந்து, பெண்ணின் உம்மாவின் கையில் கொடுத்தார்கள். அவ அதை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனா. நாங்கள் புறப்படும்வரை வெளியே வரவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது என் கணவர் எரியாத கரியைச் சாக்கில் சுமந்துகொண்டு வந்தார். வேலை போய்விட்டதே என்று அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த மூத்த பிள்ளையின் கழுத்து நினைவில் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். அட்டியலை முதலில் அவள் கழுத்தில் வைத்துப் பார்த்தவள் நான் என்பதால் கேட்டிருப்பார். ஓம் என்றேன்.

நிக்காஹ் ஆரவாரமில்லாமல் நடந்தது. பெரியம்மா பந்தியில் எல்லாரிடமும் காப்பைக் காட்டி மெச்சிக்கொண்டிருந்தா.

பிறகொரு நாள் குழந்தைக்குக் காது குத்த எங்களைக் கூப்பிட்டார்கள். குழந்தை ஊசியைக் கண்டதும் அலறி, இளையவளின் கழுத்தைக் கட்டிக்கொண்டு உம்மா என்று அழுதது. கூடியிருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் பிள்ளையின் தலையைத் தோளில் அழுத்திப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, குத்துங்க அக்கா என்றாள். தோடு வாப்பும்மா வாங்கியது. யாரிடமும் கேட்காமல், சீலையின் எந்தப் பக்கத்துக்கும் காட்டாமல், நான் பெட்டியைத் திறந்ததும் அவ எடுத்த முதல் சோடி அது.