முதல் படியில் நின்ற கால்கள்

எங்கள் ஜிம்மில் ஐஸ் தொட்டியையும் சோனா என்ற வெப்ப அறையையும் பார்த்துக்கொள்பவரை எல்லோரும் ஐஸ்காரர் என்போம். என்னைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் அவரைப் பற்றிப் பேசும்போது மரியாதை தானாக வந்துவிடுகிறது. என் கால் இன்று முழுசாக இருக்கிறதென்றால் அது அவர் தயவு.

நான் பேன்ட் தைக்கும் டெய்லர். ஊரார் இடுப்பளவெல்லாம் எனக்கு மனப்பாடம். என் உடம்பைத்தான் நான் கவனித்ததில்லை. நாற்பத்தாறு வயதில், படுக்கையில் உடம்பு ஒத்துழைக்க மறுத்தது. ஒரு நாள் இரண்டு நாள் என்றால் அலுப்பு எனலாம், எட்டு மாதம்! மனைவி ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. எனக்குத்தான் அவள் முகத்தைப் பார்க்கக் கூச்சம். அவள் தூங்கட்டும் என்று தினமும் கடையிலேயே நேரத்தைக் கடத்தினேன்.

அப்போதுதான் அந்த ஜிம் போர்டு கண்ணில் பட்டது. ‘ஐஸ் குளியல், சோனா. டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் கூடும், ஆண்மை பெருகும்.’ வெட்கத்தை விழுங்கிக்கொண்டு சேர்ந்தேன். வீட்டிலும் விடியற்காலை பச்சைத் தண்ணீர்க் குளியல்தான்.

ஐஸ்காரரிடம் ஒரு வழக்கம் உண்டு. தொட்டியில் இறங்குபவர் யாராக இருந்தாலும் முதல் படியில் கணுக்கால் நனைய நின்று இருபது வரை எண்ண வேண்டும். ஏழாவது எண்ணுக்குள் ஆள் குதிப்பான், விரலை மடக்குவான், அவரையே திட்டுவான். “திட்டினாத்தான் அடுத்த படி” என்று அவர் சிரிப்பார்.

நான் திட்டவில்லை. இருபதும் எண்ணி, நடுவில் அவருடைய பேன்ட் மடிப்பு கோணலாக இருப்பதையும் சொன்னேன். பின்னால் நின்றவர்கள் கைதட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வைத்தியம் வேலை செய்கிறது என்றே நினைத்தேன்.

தினமும் நான் இப்படியே நின்றதைக் கவனித்து, மூன்றாம் வாரம் அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“அண்ணே, இறங்காதீங்க. காலைக் காட்டுங்க.”

“ஏன் தம்பி? நான்தான் நல்லாத் தாங்குறேனே!”

“தாங்கல அண்ணே. உங்களுக்குத் தெரியவே இல்ல.”

பெஞ்சில் உட்காரவைத்துப் பாதத்தைத் திருப்பினார். கட்டைவிரலுக்கு அடியில் ஒரு புண். உடைந்த ஊசி முனை குத்தியது. எத்தனை நாளாக இருந்ததோ, எனக்கு வலிக்கவே இல்லை. இதற்கு முன் மீன் கிடங்கில் ஐஸ் அள்ளும் வேலை பார்த்தவர் அவர். அங்கே மேஸ்திரியும் இப்படித்தான் ஐஸில் அசையாமல் நின்றாராம். சர்க்கரையில் நரம்பு செத்திருந்தது கடைசியில் இரண்டு கால்விரலை எடுத்தபோதுதான் தெரிந்ததாம்.

“எதுக்காக இங்க வர்றீங்கன்னு கேட்க மாட்டேன். ஆனா அதுக்கும் இந்தக் காலுக்கும் ஒரே காரணம் இருக்கலாம். நாளைக்கே டாக்டரைப் பாருங்க.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இவன் யார் என் காலைப் பற்றிச் சொல்ல? ஆனால் அன்று ராத்திரியும் தண்ணீர் குடிக்கவும் பாத்ரூம் போகவும் நாலு தடவை எழுந்தேன். காலையில் மனைவியையே அழைத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன்.

சர்க்கரை எக்கச்சக்கம். ரத்த அழுத்தமும் அதிகம். காலையிலேயே எடுத்த டெஸ்டோஸ்டிரோன் அளவோ சரியாகத்தான் இருந்தது.

“குளிர்ந்த தண்ணி அந்த ஹார்மோனை ஏத்தும்னு நம்புற மாதிரி ஆதாரம் இல்ல. சில ஆய்வுல குறைஞ்சும் இருக்கு” என்றார் டாக்டரம்மா. “சோனாவும் அப்படித்தான். அடிக்கடி உட்கார்ந்தா விந்தணு எண்ணிக்கை கொஞ்ச நாளைக்குக் குறையலாம். நிறுத்தினா பெரும்பாலும் திரும்பிடும். விறைப்புக்கு ரத்தக்குழாயும் நரம்பும் நல்லா இருக்கணும். சர்க்கரை ரெண்டையும் கெடுக்குது. இந்தப் பிரச்சினை இதயக் கோளாறுக்கு முன்னறிவிப்பாவும் இருக்கலாம். இவ்வளவு பிரஷரோட ஐஸ்ல இறங்கறது ஆபத்து.”

இதயத்தைச் சோதித்து, நெஞ்சுவலி மாத்திரை ஏதும் சாப்பிடுகிறேனா என்று கேட்டபிறகே விறைப்புக்கான மாத்திரை எழுதினார். நெஞ்சுவலி மாத்திரையோடு அது சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஒரேயடியாக விழுந்துவிடுமாம்.

வெளியே வந்ததும் மனைவி அழுதாள். “எம்மேல வெறுப்போன்னு நெனச்சேன்.”

எட்டு மாதமாக நான் கூச்சப்பட்டது எனக்காக. அவள் எதை நினைத்துக் கிடந்தாள் என்று நான் கேட்டதே இல்லை. நடுத்தெருவில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

புண் ஆற இரண்டு மாதம் ஆனது. மாத்திரை, நடை, சாப்பாட்டுக் கட்டுப்பாடு எல்லாம் சேர்ந்து மற்றதும் பெரும்பாலும் சரியானது. ஐஸ்காரர் முதலாளியிடம் சண்டை போட்டு, போர்டிலிருந்த அந்த ஆண்மை வரியை அழிக்கவைத்தார். ஐஸில் குளித்தால் சுறுசுறுப்பு வரும், தசைவலி குறையும், அதைச் சொன்னால் போதும் என்று வாதாடினாராம். அவருடைய கோணல் மடிப்பை நானே பிரித்துத் தைத்துக் கொடுத்தேன்.

பாதத்துக்கு மட்டும் உணர்ச்சி திரும்பவில்லை. திரும்பாமலே போகலாம் என்கிறார் டாக்டரம்மா. அதனால் இப்போது நான் குளிக்கும் வெந்நீர் வாளியில் முதலில் இறங்குவது மனைவியின் கை. சூடு பார்த்து, “ம், வாங்க” என்கிறாள். நான் போகிறேன்.