சப்சிடித் திருடனைப் பிடிக்கப் போன கதை

துபாய் கராமாவில் எங்கள் ரூமுக்கு நான்தான் ஆடிட்டர். எல்லாருடைய மெஸ் கணக்கையும் எழுதி, மாசக் கடைசியில் துண்டு விழுவதை என் பையிலிருந்தே போடுகிற அளவுக்குக் கெட்டிக்காரன்.

அப்பாவின் வங்கிக் கணக்கையும் நான்தான் போனில் பார்ப்பேன். அதில் ஒன்று உறுத்தியது. கேஸ் சப்சிடி என்று வரும் இருபத்துச் சொச்சம் ரூபாய் பல மாதமாக வரவில்லை. இரண்டு டீ குடிக்கிற காசுதான். ஆனாலும் ஊரில் தனியாக இருக்கும் மனிதரை எவனோ ஏய்க்கிறான் என்றதும் எனக்குள் போலீஸ்காரன் முழித்துக்கொண்டான்.

அம்மா போன பிறகு அப்பாவே சமைத்துக்கொள்கிறார். தினமும் என்ன குழம்பு, என்ன பொரியல் என்று போனில் சொல்வார். நான் குப்பூஸ் ரொட்டியைப் பிய்த்துத் தின்றபடி கேட்பேன்.

லீவு நாள் மத்தியானம், புகார் கொடுக்க கேஸ் ஆப்பைத் திறந்தேன். இணைப்பு அப்பா பெயரில் இருப்பதால் ஓடிபி அவருக்குப் போனது. ஒவ்வொரு எண்ணாகப் படித்துச் சொல்லிவிட்டு, சப்சிடி கெடந்துட்டுப் போவுது, விடுப்பா என்றார். விட்டேனா?

பக்கத்துக் கட்டில்காரர் கீழக்கரை. அவர் ஊர் வழக்கப்படி, அண்ணன் என்கிற அர்த்தத்தில், ரூமே அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடும். அவரைச் சாட்சியாக வைத்துக்கொண்டு பட்டியலைத் திறந்தேன். சிலிண்டர் வந்த தேதி, கொடுத்த விலை, சப்சிடி வரவு. வங்கிக் கணக்கோடு வரிவரியாக ஒத்துப் பார்த்தேன். வாங்கிய ஒவ்வொரு சிலிண்டருக்கும் பணம் சரியாக வந்திருந்தது. திருடனே இல்லை. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

கடைசிச் சிலிண்டர், அம்மா இறப்பதற்கு முந்தின வாரம் வந்தது. அதன்பின் பத்து மாதமாக ஒன்றுமில்லை. வாங்கினால்தானே சப்சிடி வரும்.

பழக்கதோஷத்தில் மாதச் சராசரியும் போட்டேன். அம்மா இருந்தவரை ஒன்றரை மாதத்துக்கு ஒரு சிலிண்டர். சப்சிடி கழித்து மாதம் ஐந்நூற்றுச் சொச்சம். இப்போது நூறுகூட ஆகவில்லை.

"எங்கப்பா சிக்கனத்தைப் பாத்தீங்களா காக்கா?" என்று பெருமையாகக் காட்டினேன்.

அவர் சிரிக்கவில்லை. "அப்ப அந்தக் கொழம்பெல்லாம் எதுல வச்சாராம்?"

ஆடிட்டர் பட்டியலை மூடினார்.

அப்பாவைக் கூப்பிட்டேன். இன்றைக்கு என்ன சமையல் என்று கேட்டேன். வத்தக்குழம்பு, சுட்ட அப்பளம் என்றார், கொஞ்சமும் தடுமாறாமல். அம்மா அப்பளத்தைச் சுட்டு எடுத்து விரலை ஊதிக்கொள்வது கண்ணில் வந்தது. சண்டை போடத்தான் கூப்பிட்டேன். கேட்டது வேறு.

"சிலிண்டர் ஒண்ணு புக் பண்ணட்டுமாப்பா?"



"வேணாம்ப்பா. இது உங்கம்மா கையால மாட்டுனது. இன்னும் கொஞ்சம் இருக்கு. இருக்கட்டுமே."

எங்கே சாப்பிடுகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. சப்சிடி என்னாச்சு என்று அவர்தான் கேட்டார். எல்லாம் சரியா வந்திருக்குப்பா என்றேன்.